கிலோவுக்கு 140 ரூபாய் கூட்டுவதை எப்படிச் சொல்வது?

*கேள்வி: மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் தாத்தா காலத்திலிருந்து காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறோம். மாதம் சுமார் 1,200 கிலோ போகிறது. வாடிக்கை வீடுகள் நானூறு இருக்கும். ஒன்பது மெஸ்ஸுக்கும் நாங்கள்தான் தூள் கொடுக்கிறோம். 80:20 கலவை கிலோ 560 ரூபாய், 60:40 கலவை 480 ரூபாய். ஓராண்டில் பச்சைக் கொட்டை சராசரியாகக் கிலோ 360 ரூபாயிலிருந்து 520 ரூபாய்க்குப் போய்விட்டது. விலையைத் தொட்டு இரண்டு வருடம் ஆகிறது. இப்போது 640 ரூபாய், மூன்று மாதம் கழித்து 720 ரூபாய் என்று இரண்டு தவணையாக ஏற்றலாமா? சிக்கரியைக் கொஞ்சம் கூட்டினால் போதும், விலையே ஏற்ற வேண்டாம் என்கிறான் தம்பி. 'மூலப்பொருட்களின் கடும் விலையேற்றம் காரணமாகத் தவிர்க்க இயலாத சூழ்நிலையில் விலை மாற்றியமைக்கப்படுகிறது' என்று ஒரு அறிவிப்பு எழுதி வைத்திருக்கிறேன். அதை ஒட்டக் கை வரவில்லை. இந்த மனிதர்களின் முகத்தை எப்படிப் பார்ப்பது, ஐயா?*

முதலில் தம்பி சொல்லும் வழியைப் பேசிவிடுகிறேன். அதன் முடிவை நான் கண்ணால் பார்த்தவன்.

1994-இல் பிரேசிலில் உறைபனி விழுந்து உலகெங்கும் காபி விலை ஏறியது. அப்போது நான் ஒரு காபித்தூள் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி விலையைத் தொடவில்லை. இருபது பங்கு இருந்த சிக்கரியை இருபத்தைந்தாக்கினார், பிறகு முப்பதாக்கினார். இரண்டு மாதம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது மாதம் வாடிக்கைக்கார அம்மா ஒருவர், வயது எழுபதுக்கு மேல் இருக்கும், கடைக்கு வந்து ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் கேட்டார். குடிப்பதற்கு என்று நினைத்துக் கொடுத்தேன். முந்தின நாள் எங்களிடம் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகைத் தூளை அந்தத் தண்ணீரின் மேல் தூவினார். காபித்தூள் மிதக்கும், சிக்கரி மூழ்கும், மூழ்கும்போது பழுப்பு நிறத்தில் கோடு இழுக்கும். டம்ளருக்குள் கோடு கோடாக இறங்கியது. "விலையைக் கூட்டுகிறேன் என்று சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேனே, தம்பி" என்று மட்டும் சொன்னார். பிறகு அவர் அந்தக் கடைக்கு வரவில்லை. அவர் தெருவிலிருந்தும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

அந்த அம்மாவுக்கு வந்த கோபம் பணத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. தன் வீட்டு டிகாக்ஷன் ஏன் இப்படிக் கறுப்பாகவும் மணமில்லாமலும் இறங்குகிறது என்று அவர் இரண்டு மாதம் பாலைச் சந்தேகப்பட்டிருக்கிறார், பில்டரைச் சந்தேகப்பட்டிருக்கிறார், தன் கைப்பக்குவத்தைக்கூடச் சந்தேகப்பட்டிருக்கிறார். கடையை மட்டும் சந்தேகப்படவில்லை. நீங்கள் காப்பாற்ற வேண்டியது இந்த நம்பிக்கையை. விலையில் ஒளிவுமறைவு இல்லையென்றால் அது தாங்கும். கலவையில் கை வைத்தால் தாங்காது. பொட்டலத்தில் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிடுவதும் சட்டப்படி கட்டாயம். 80:20 என்று அச்சிட்டுவிட்டு உள்ளே 70:30 வைத்தால் அது குற்றம். தம்பியிடம் இதையும் சொல்லுங்கள்.

அரைக்கிலோ பொட்டலத்தை 450 கிராமாக்கிப் பழைய விலையிலேயே விற்கும் யோசனையும் யாராவது சொல்வார்கள். ஒரு கிராம் என்ன விலை என்பதை இப்போது பொட்டலத்திலேயே போட வேண்டும் என்பதால் அதுவும் வெளியே தெரிந்துவிடும். வீட்டில் டப்பாவுக்குள் கொட்டும்போது கழுத்து வரை வரும் தூள் ஒரு விரற்கடை குறைந்தால், அச்சைப் படிக்காதவர்களும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி கணக்கு. அறிவிப்பில் என்ன எழுதலாம் என்பதை முடிவு செய்வது இந்தக் கணக்குதான். அதனால் காகிதம் எடுத்து என்னோடு கூடவே போடுங்கள்.

கொட்டை கிலோவுக்கு 160 ரூபாய் ஏறியது என்றால் தூளும் 160 ரூபாய் ஏற வேண்டும் என்று தோன்றும். அப்படியில்லை. வறுக்கும்போது ஈரம் போய் எடை குறைகிறது. உங்கள் வறுவலில் ஒரு கிலோ பச்சைக் கொட்டை சுமார் 830 கிராமாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்கிறேன்; உங்கள் இயந்திரத்தில் உண்மையில் எவ்வளவு என்பதை மூன்று ஈடு நிறுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். 80:20 கலவையில் ஒரு கிலோ தூளுக்கு வறுத்த காபி 800 கிராம் வேண்டும். அதற்குப் பச்சைக் கொட்டை 964 கிராம். அந்த 964 கிராமுக்குப் போன வருடம் 347 ரூபாய், இன்று 501 ரூபாய். ஆகவே ஒரு கிலோ தூளுக்கு உங்களுக்குக் கூடியது 154 ரூபாய். சிக்கரி 24 ரூபாய் என்றும், வாடகை, கூலி, கேஸ், மின்சாரம், பை எல்லாம் சேர்த்து 90 ரூபாய் என்றும் கொண்டால், இன்று அடக்கம் 615 ரூபாய். 560 ரூபாய்க்கு விற்கும் ஒவ்வொரு கிலோவிலும் 55 ரூபாய் கைக்காசு போகிறது. முன்பு அதே கிலோவில் 99 ரூபாய் நின்றது.

என் ஆலோசனை, ஒரே தவணையில் 700 ரூபாய். அப்போது கிலோவுக்கு 85 ரூபாய் நிற்கும், முன்பைவிட 14 ரூபாய் குறைவு. இதை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். முன்பு விற்பனையில் எத்தனை சதவீதம் லாபமோ அதே சதவீதம் இப்போதும் வேண்டும் என்று நினைத்தால் விலை 747 ரூபாய்க்குப் போகும். கொட்டை விலை ஏறியதற்காக உங்கள் லாபமும் சேர்ந்து ஏற வேண்டியதில்லை. உங்கள் வேலை கூடவில்லை, வாடகை கூடவில்லை. ஏறிய ரூபாயை மட்டும் கேளுங்கள், அதிலும் ஒரு சிறு பங்கை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்போதுதான் "154 ரூபாய் கூடியது, 140 ரூபாய்தான் கேட்கிறோம்" என்ற வரியை உங்களால் உண்மையாக எழுத முடியும். அறிவிப்பிலேயே கனமான வரி அதுதான். அரைக்கிலோ 350, கால்கிலோ 175 என்று சில்லறைத் தொல்லையும் இல்லாமல் நிற்கிறது.

இரண்டு தவணை வேண்டாம் என்பதற்கும் கணக்கே காரணம். 640 ரூபாயில் கிலோவுக்கு 25 ரூபாய் நிற்கும். 1,200 கிலோவுக்கு 30,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு மூன்று மாதம் கடை, குடும்பம் இரண்டையும் ஓட்ட வேண்டும். 700 ரூபாய் வைத்து, பத்தில் ஒரு பங்கு விற்பனை போய்விட்டாலும், மாறாத வாடகையையும் கூலியையும் கழித்தபின் 80,000 ரூபாய்க்கு மேல் நிற்கும். வாடிக்கையாளர் பக்கமிருந்தும் பாருங்கள். ஒருமுறை 140 ரூபாய் ஏறினால் அந்த மாதம் முணுமுணுப்பார்கள், அடுத்த மாதம் மளிகைக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். மூன்று மாதத்தில் மறுபடி ஏறினால், இனி இந்தக் கடையில் அடிக்கடி இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

60:40 கலவைக்கும் இதே கணக்கைப் போட்டேன். அதில் காபி குறைவு என்பதால் கூடியது 116 ரூபாய்தான். 480 ரூபாயை 590 ரூபாயாக்கினால் போதும். இரண்டுக்கும் ஒரே தொகையை ஏற்றிவிடாதீர்கள். கலவை தெரிந்து வாங்குபவர்கள் உடனே கேட்பார்கள்.

உங்கள் அறிவிப்பை ஒட்டக் கை வராததில் ஆச்சரியமில்லை. அதில் எந்தப் பொருள் என்று இல்லை, எவ்வளவு என்று இல்லை, எப்போது என்று இல்லை, யார் ஏற்றுகிறார் என்றும் இல்லை. 'மாற்றியமைக்கப்படுகிறது' என்று எழுதினால், நீங்கள் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறீர்கள் என்று தோன்றும். நானூறு வீட்டுக்கும் உங்கள் முகம் தெரியும். நீங்களே பேசுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> அன்புடையீர், வணக்கம்.
>
> ஏப்ரல் 1 முதல் நம் கடையில் 80:20 காபித்தூள் கிலோ 560 ரூபாயிலிருந்து 700 ரூபாயாகிறது. 60:40 தூள் 480 ரூபாயிலிருந்து 590 ரூபாயாகிறது.
>
> ஓராண்டுக்கு முன் கிலோ 360 ரூபாய்க்கு வாங்கிய பச்சைக் கொட்டையை இன்று 520 ரூபாய் கொடுத்து வாங்குகிறோம். வறுக்கும்போது குறையும் எடையையும் சேர்த்தால், 80:20 தூள் கிலோவுக்கு எங்களுக்கு 154 ரூபாய் கூடியிருக்கிறது. அதில் 140 ரூபாயை விலையில் சேர்த்திருக்கிறோம். மீதியைக் கடை ஏற்றுக்கொள்கிறது.
>
> கொட்டையின் தரம், கலவை, வறுவல், எடை எதையும் மாற்றவில்லை. மாற்றவும் மாட்டோம்.
>
> மார்ச் 31 வரை பழைய விலைதான். மாதக் கணக்கு வைத்திருப்பவர்கள் அதுவரை வாங்கிய தூளுக்கு ஏப்ரலில் பணம் கொடுத்தாலும் பழைய விலையே. முன்பணம் கட்டியவர்களுக்கு அந்தப் பணம் தீரும்வரை பழைய விலை.
>
> அக்டோபரில் கொட்டை விலையை மறுபடி பார்த்து, விலை குறைந்தாலும் நின்றாலும் இதே பலகையில் எழுதுவோம்.
>
> ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கல்லாவில் என்னிடமே கேளுங்கள்.

கீழே உங்கள் பெயரைப் போட்டுக் கையெழுத்திடுங்கள்.

புதிய விலையை முதல் வரியிலேயே வைத்ததைக் கவனித்திருப்பீர்கள். பலரும் தாத்தா காலத்துக் கதையில் தொடங்கி, உங்கள் பேராதரவுக்கு நன்றி என்று போய், விலையைக் கடைசியில் நுழைப்பார்கள். படிப்பவர் நன்றியைத் தாண்டி எண்ணைத்தான் தேடுவார். தேட வைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். பழைய விலையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எவ்வளவு ஏறியது என்று அவர்களைக் கழித்துப் பார்க்க விடாதீர்கள்.

'ஒரு டம்ளருக்கு ஒன்றரை ரூபாய்கூட இல்லை' என்று எழுதச் சொல்லி யாராவது வருவார்கள். டம்ளருக்குப் பத்து கிராம் என்றால் 1 ரூபாய் 40 காசு, கணக்கு சரிதான். ஆனாலும் எழுதாதீர்கள். வீட்டுச் செலவு பார்ப்பவர் டம்ளர் கணக்குப் போடுவதில்லை, மாதக் கணக்குதான் போடுகிறார். இரண்டு கிலோ வாங்கும் வீட்டுக்கு மாதம் 280 ரூபாய் கூடுகிறது. அதைச் சிறிது என்று அவரிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை.

வாங்கும் விலையை வெளியே சொல்லலாமா என்று உங்களுக்குத் தயக்கம் வரும். சொல்லுங்கள் என்பதே என் கருத்து. கொட்டை விலை ஊரறிந்தது, செய்தித்தாளிலேயே வருகிறது. வியட்நாமில் 2023-24 வறட்சி, 2024-இல் பிரேசிலில் வறட்சி. 1977-இல் எட்டிய உச்சத்தை நியூயார்க் சந்தையில் அராபிகா விலை 2024 டிசம்பரில் தாண்டியது. 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு 4 டாலருக்கு மேல் போனது. குடகிலும் சிக்மகளூரிலும் விளைவதற்கும் இங்கே அதனால்தான் விலை ஏறியது. இந்தியக் காபியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றுமதியாகிறது, தோட்டக்காரர் அந்த விலையைத்தான் நம்மிடமும் கேட்பார். இதையெல்லாம் அறிவிப்பில் எழுத வேண்டாம். கல்லாவில் நிற்கும் பையன்களுக்குச் சொல்லி வையுங்கள். யாராவது கேட்டால் இரண்டு வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டும். "முதலாளியைக் கேளுங்கள்" என்ற பதில் மட்டும் அவர்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

தேதியை நீங்கள் நினைத்த நாளில் வைத்துவிட முடியாது. பழைய விலை அச்சிட்டுக் கட்டி வைத்த பொட்டலங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று முதலில் எண்ணுங்கள். அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கச் சட்டம் இடம் தராது. மேலே புதிய ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் கூட்டவும் கூடாது. குறைப்பதற்கு மட்டுமே ஸ்டிக்கர் ஒட்டலாம். கட்டிய சரக்கு பத்து நாளில் தீரும் என்றால், அறிவிப்புக்கும் புதிய விலைக்கும் இடையே மூன்று வாரம் வைத்துவிட்டு, மார்ச் நடுவிலேயே புதிய விலை அச்சிட்ட பைகளை வரவழைத்துவிடுங்கள். மார்ச் கடைசி வாரத்தில் கட்டுவதைக் குறைத்து, வருபவர்களுக்கு அப்போதைக்கப்போது அரைத்துக் கொடுங்கள். ஏப்ரல் 1 காலையில் தட்டில் பழைய பை ஒன்று மிஞ்சியிருந்தால் அதைப் பழைய விலைக்கே கொடுங்கள்.

இந்த மூன்று வாரத்தில் சிலர் ஐந்து கிலோ, பத்து கிலோ கேட்பார்கள். அறிவிப்பில் தடை போட வேண்டாம், அவமானப்படுவார்கள். நேரில் சொல்லுங்கள்: அரைத்த தூள் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மணம் இறங்கிவிடும், நீங்கள் வழக்கமாக வாங்குவதோடு ஒரு கிலோ கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். இது உண்மையும்கூட. பழைய தூளை மே மாதம் குடித்துவிட்டு, விலையும் ஏற்றினார்கள் தரமும் போய்விட்டது என்று அவர்கள் நினைக்கும்படி நாமே வழி செய்துவிடக் கூடாது.

வாடிக்கை வீடுகளுக்குத் தெரிந்த பிறகுதான் கடைப் பலகையில் எழுத வேண்டும். வாட்ஸாப்பில் அனுப்புங்கள், அது இல்லாத வீடுகளுக்குப் பொட்டலத்தோடு சீட்டு வையுங்கள். இருபது வருடமாக வாங்கும் ஒருவர் தெருவில் போகிறவனோடு நின்று பலகையில் படித்துத் தெரிந்துகொண்டால், அந்த 140 ரூபாயைவிட அதுதான் அவருக்கு உறுத்தும்.

ஏப்ரலில் யார் சத்தம் போட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். கோபித்துக்கொள்பவர் திரும்பி வருவார். மே மாதம் வாடிக்கை நோட்டை எடுத்து, பிப்ரவரியில் வாங்கியவர்களின் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டவர் எத்தனை பேர், ஒரு கிலோவிலிருந்து அரைக்கிலோவுக்கு இறங்கியவர் எத்தனை பேர், 80:20 விட்டு 60:40க்குப் போனவர் எத்தனை பேர் என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கலவை மாறியவர்கள் உங்களிடமே இருக்கிறார்கள், அவர்களிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். நின்றவர்களை மட்டும் ஒருமுறை போனில் கூப்பிட்டு, தூள் தீர்ந்ததா என்று விசாரியுங்கள். விலையைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள்.

அக்டோபர் என்று நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. பிரேசில் அறுவடை செப்டம்பர் வாக்கில் முடிந்துவிடும், நம் தோட்டங்களின் அடுத்த விளைச்சல் எப்படி என்பதும் அப்போது தெரியத் தொடங்கும். குறைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், பார்த்துச் சொல்கிறேன் என்பது போதும். ஆனால் உங்கள் சொந்த நோட்டில் ஓர் எண்ணை எழுதி வையுங்கள். கொட்டை 460 ரூபாய்க்குக் கீழே வந்து இரண்டு மாதம் நின்றால், தூளில் 40 ரூபாய் குறைத்தாலும் உங்களுக்குப் பழைய 99 ரூபாய்க்கு மேலேயே நிற்கும். அன்று கேட்காமலே குறையுங்கள். அந்த ஓர் அறிவிப்பு ஊர் முழுக்கப் பேசப்படும்.

ஒன்பது மெஸ்காரர்களுக்கு இந்தச் சீட்டை அனுப்பிவிடாதீர்கள். காபி விலையை ஏற்றினால் அவர்களும் தங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஒரு மாத அவகாசம் வேண்டும், கணக்கும் வேண்டும். அறிவிப்பு வெளியே போவதற்கு ஒரு வாரம் முன்பே, கொட்டை வாங்கிய ரசீதுகள் இரண்டையும், போன வருடத்தையும் இந்த மாதத்தையும், கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெஸ்ஸுக்கும் நீங்களே போங்கள். தம்பியையும் கூட்டிப்போங்கள். காலைப் பத்தரை மணிக்குப் போனால் டிபன் கூட்டம் ஓய்ந்திருக்கும், சாப்பாட்டு வேலை தொடங்கியிருக்காது, உட்கார்ந்து பேசலாம்.